இரவில் எழுத மூன்று கேள்விகள்: இரண்டு நிமிடத்துக்கு எந்த வகை ஒத்துவரும்?

படுக்கப்போகும் முன் அன்றைய நாளைப் பற்றி மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதலாம் என்று முடிவு செய்பவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்: எந்த மூன்று கேள்விகள்? நன்றி சொல்லும் வகை இருக்கிறது. தன்னைத் திருத்திக்கொள்ளும் வகை இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த முறை ஒன்று உண்டு. ‘முடிந்தது, முடியாதது, நாளை’ என்று அலுவலகப் பாணியிலும் ஒன்று உண்டு. கேட்கும்போது நான்குமே சரியாகத்தான் படுகின்றன.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் எதுவும் இரண்டு நிமிடக் கணக்கில் உருவானதில்லை. ஒன்று ஒரு வாரம் தனித்து உட்கார்ந்து செய்வது. இன்னொன்று விளக்கை அணைத்தபிறகு நாள் முழுவதையும் ஆற அமர அலசுவது. அதனால், எது உயர்ந்த முறை என்று பார்ப்பதைவிட, இரண்டு நிமிடத்துக்குள் நறுக்கினால் எது பிழைக்கும், நறுக்கும்போது எது போய்விடும் என்று பார்ப்பதுதான் நமக்கு உதவும். இந்தக் கட்டுரையில் அப்படித்தான் எடை போடப்போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் நேரம். இரண்டு நிமிடம் என்றால் 120 நொடி. நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, தேதி போட 15 நொடி போகும். மீதி 105 நொடியைப் பிரித்தால் ஒரு கேள்விக்கு 35. அதில் யோசிக்கப் பத்து நொடி போனால் எழுதுவதற்கு 25. நிதானமான கையெழுத்தில் எனக்கு 25 நொடியில் ஐந்தாறு சொல் வரும். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம். செய்தித்தாளில் ஒரு வரியைப் பார்த்து எழுதி நேரம் பாருங்கள். எப்படியும் ஒரு பதிலுக்கு ஆறேழு சொல்தான் என்பது தெரிந்துவிடும். அந்த அளவுக்குள் அடங்காத கேள்வி, கேள்வியாக எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே உதவாது.

அந்தப் பத்து நொடி யோசனையைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ‘இன்று எப்படிப்பட்ட மனிதனாக இருந்தேன்?’ என்று கேட்டால் பேனா நின்றுவிடும். நாள் முழுவதையும் கூட்டிக் கழித்துத் தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இன்று யாரிடம் குரலை உயர்த்தினேன்?’ என்று கேட்டால் ஒரு முகம் உடனே வரும், இல்லையென்றால் ‘யாரிடமும் இல்லை’ என்று வரும். நிகழ்வைக் கேட்கும் கேள்விக்கு நினைவு பதில் சொல்கிறது. தீர்ப்பைக் கேட்கும் கேள்விக்கு மனசாட்சி பதில் சொல்ல வேண்டும், அதற்கு இரண்டு நிமிடம் போதாது.

இரண்டாவது, எழுதி முடித்ததும் தூக்கம் வருமா, போகுமா என்பது. காலையில் எழுதினால் இது பெரிய விஷயமில்லை. இரவு பத்தேகாலுக்கு எழுதும்போது இதுதான் பெரிய விஷயம்.

மூன்றாவது, ஒரு மாதம் கழித்தும் பதில்கள் புதிதாக வருமா என்பது. முதல் வாரம் எந்தக் கேள்வியும் நன்றாகத்தான் ஓடும்.

நான்காவது, எழுதியதால் மறுநாள் ஏதாவது மாறுமா. சிலருக்கு இது தேவையே இல்லை, மனம் லேசானால் போதும் என்பார்கள். சரி, அவர்கள் இந்த அளவுகோலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம்.

## எல்லா முறைக்கும் ஒரே நாள்

நான்கையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஓர் உதாரண நாளை வைத்துக்கொள்வோம். விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை. காலையில் பஸ் லேட். வழியிலிருந்தே போன் செய்துவிட்டதால் முதல் பீரியடைப் பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துக்கொண்டார். மூன்றாம் பீரியடில், ரெக்கார்டு நோட்டு வைக்கவில்லை என்று ஒரு மாணவனை எல்லோர் முன்னாலும் திட்டினார். மதியம் பார்த்தால் அவன் நோட்டு முந்தின நாளே வந்து மேசை மேல் அடுக்கில் கிடந்தது. யூனிட் டெஸ்ட் பேப்பர் 40-இல் 22 திருத்தியாயிற்று. சாயங்காலம் அம்மா கூப்பிட்டபோது எடுக்க முடியவில்லை, திருப்பிக் கூப்பிடவும் இல்லை. இப்போது இரவு மணி 10:15.

## முறை 1: நன்றாக நடந்தது

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த பயிற்சி இதற்கு மூலம். ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று காரணமும் எழுத வேண்டும். அப்படிச் செய்தவர்களின் மகிழ்ச்சி அளவு ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் கூடியிருந்தது. வாரம் முடிந்தபிறகும் தாமாகவே தொடர்ந்தவர்களுக்குப் பலன் அதிகம்.

இதில் ‘காரணம்’ என்ற பாதியைத்தான் எல்லோரும் முதலில் வெட்டிவிடுகிறார்கள். மூன்று நல்லவை, மூன்று காரணங்கள் என்றால் ஆறு பதில். இரண்டு நிமிடத்தில் அடங்காது. காரணத்தை வெட்டினால் மிஞ்சுவது ஒரு பட்டியல்: காபி, மழை, குழந்தையின் சிரிப்பு. மூன்றாவது வாரம் அதே காபி, அதே குழந்தை. எண்ணிக்கையை வெட்டிவிட்டுக் காரணத்தை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஒரே நிகழ்வு, அதன்மேல் மூன்று கேள்விகள்:

நன்றாக நடந்தது ஒன்று எது? அது நடக்க என்ன காரணம்? மறுபடி நடக்க நான் என்ன செய்யலாம்?

ஆசிரியையின் பதில்: ‘முதல் பீரியடைப் பக்கத்து டீச்சர் பார்த்துக்கொண்டார். பஸ் லேட் என்று உடனே சொன்னேன். அவர் லேட்டானால் நான் பார்க்கணும்.’ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதியபின் மனம் கலங்காது. ஏறக்குறைய எந்த நாளுக்கும் இது ஓடும்.

மறைந்திருக்கும் செலவு வேறு. திட்டு வாங்கிய மாணவன் இந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. கேள்விகள் அவனுக்கு இடம் வைக்கவில்லை. நோட்டை மூடி விளக்கை அணைத்ததும் அவன்தான் முதலில் வருவான். நல்லதை மட்டும் கேட்கும் கேள்விகள் மற்றதை அழிப்பதில்லை, பக்கத்துக்கு வெளியே நிறுத்திவைக்கின்றன, அவ்வளவுதான். ரொம்ப மோசமான நாளில் இதை எழுத உட்கார்ந்தால் பொய் எழுதுவதுபோல் இருக்கும். அன்றோடு பலர் நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று. நன்றிக்குரியவற்றை எண்ணிப்பார்ப்பது பற்றி உளவியலாளர் சோனியா லுபோமிர்ஸ்கி குழு செய்த ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை செய்தவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை செய்தவர்களுக்குத் தெரியவில்லை. பயிற்சி சற்று வேறு என்றாலும், இந்த வகை சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதற்கு இது ஓர் அறிகுறி. தினமும் எழுதுவதற்கு இதை நான் முதலில் சொல்லமாட்டேன்.

எப்போது இதுவே சரி: நாள் சுமாராக, பெரிய தொல்லையில்லாமல் போகிறது, ஆனாலும் எதிலும் சுவையில்லை என்று இருக்கும் காலத்தில்.

## முறை 2: பெற்றது, கொடுத்தது, சிரமப்படுத்தியது

நைகான் என்ற ஜப்பானிய முறை. யோஷிமோதோ இஷின் என்பவர் 1940-களில் தொடங்கி இதை உருவாக்கினார். ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவினரிடையே இருந்த மிகக் கடுமையான ஒரு தனிமைப் பயிற்சியிலிருந்து மதச் சடங்குகளைக் கழித்துவிட்டு இந்த மூன்று கேள்விகளை வைத்தார்: இவரிடமிருந்து நான் பெற்றது என்ன? இவருக்கு நான் கொடுத்தது என்ன? இவருக்கு நான் உண்டாக்கிய சிரமம் என்ன? முழுப் பயிற்சி ஒரு வாரம். மடக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பெரும்பாலும் அம்மாவில் தொடங்கி, ஒவ்வொருவராக வாழ்க்கையின் பல காலகட்டங்களை இந்த மூன்று கேள்விகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வழிகாட்டி வந்து, என்ன கண்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்.

வாரக்கணக்கை இரண்டு நிமிடமாக்க ஒரே வழிதான் இருக்கிறது: இரவுக்கு ஒரே ஆள். நாள் முழுதும் சந்தித்த எல்லோரையும் வைத்தால் நேரம் போய்விடும், பதிலும் பொதுப்படையாகிவிடும். ஆசிரியை அந்த மாணவனை எடுத்துக்கொள்கிறார் என்று வைப்போம். ‘பெற்றது: திட்டியபோதும் எதிர்த்துப் பேசவில்லை. கொடுத்தது: இன்று ஒன்றுமில்லை. சிரமம்: வகுப்பு முன்னால் தலைகுனிய வைத்தேன்.’

நான்கு முறைகளில் மிகக் குறைந்த சொற்களில் மிக ஆழமாகப் போவது இதுதான். பதில்கள் எல்லாம் நிகழ்வுகள், எனவே பேனா நிற்காது. ஆட்கள் மாறுவதால் மாதம் கழித்தும் பதில் புதிதாக இருக்கும். அதிலும் ‘கொடுத்தது: ஒன்றுமில்லை’ என்று எழுத நேர்வது எந்த அறிவுரையையும்விட வேகமாக வேலை செய்யும்.

ஆனால் மறைந்த செலவு இதில்தான் அதிகம். நான்காவதாக ஒரு கேள்வி இயல்பாக எழும்: அவர் எனக்குச் செய்த தொல்லை என்ன? நைகான் அதை வேண்டுமென்றே கேட்பதில்லை, அதைத்தான் நாம் கேட்காமலே எப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதால். நியாயம்தான். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து, அப்படியும் ‘நான் போதவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் தினமும் இரவு ‘நீ உண்டாக்கிய சிரமம் என்ன?’ என்று கேட்டால் அது பயிற்சியாக இருக்காது, இன்னொரு மாமியார் குரலாக இருக்கும். அடி உதை உள்ள வீட்டிலோ, மிரட்டும் மேலாளரின் கீழோ இருப்பவர் இதைச் செய்யவே கூடாது. சிரமம் கொடுப்பவரிடமே கடன்பட்டதாக நினைக்க வைத்துவிடும்.

தூக்கக் கணக்கிலும் இது பின்தங்குகிறது. தலைகுனிய வைத்தேன் என்று எழுதியாயிற்று, இப்போது மணி 10:17. செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு வாரப் பயிற்சியில் வழிகாட்டி இருக்கிறார், அடுத்த நாள் இருக்கிறது. இங்கே தலையணைதான் இருக்கிறது. மூன்றாவது கேள்வியை இரண்டாவது இடத்துக்கு மாற்றி, ‘பெற்றது’ என்பதைக் கடைசியில் வைத்தால் பாரம் கொஞ்சம் குறையும். அந்த வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

எப்போது இதுவே சரி: ஒருவரோடு உரசல் இருக்கிறது, இருவரும் ஏறக்குறைய சமமான நிலையில் இருக்கிறீர்கள், உங்கள் பக்கக் கணக்கு மட்டும் தலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால். அதுவும் தினமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளக்கு எரியும்போது செய்தால் போதும்.

## முறை 3: தன்னைத் தானே விசாரிப்பது

ரோமானிய அறிஞர் செனெகா, கோபத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் செக்ஸ்டியஸ் என்பவரின் வழக்கத்தைச் சொல்கிறார். படுக்கும் முன் அவர் தன் மனத்திடம் மூன்று கேள்விகள் கேட்பாராம்: இன்று உன் குறைகளில் எதைக் குணப்படுத்தினாய்? எந்தத் தீய குணத்தை எதிர்த்து நின்றாய்? எந்த வகையில் மேம்பட்டாய்? செனெகாவும் அப்படியே செய்ததாக எழுதுகிறார். விளக்கை எடுத்துச் சென்றபின், தன் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, நாள் முழுவதையும் அலசுவாராம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு இந்த மூன்றும் அப்படியே ஒத்துவராது. ‘எந்த வகையில் மேம்பட்டாய்?’ என்பதற்குத் தினமும் பதில் கிடையாது. மனிதர் நாளுக்கு நாள் மேம்படுவதில்லை; மாதக்கணக்கில் வேண்டுமானால் தெரியும். பத்து நாள் தொடர்ந்து ‘தெரியவில்லை’ என்று எழுதிய கேள்வியைப் பதினோராவது நாள் எழுத மாட்டீர்கள். குறை, தீய குணம் என்பவையும் தீர்ப்புச் சொற்கள். ஆசிரியை ‘பொறுமை இல்லை’ என்று எழுதுவார். உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளை என்ன செய்வது?

செனெகா தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பகுதியைப் பார்த்தால் அங்கே விடை இருக்கிறது. ‘நான் கெட்டவன்’ என்று அவர் நிறுத்தவில்லை. அந்த வாதத்தில் தேவைக்கு மேல் சண்டைக்காரனாகப் பேசினாய், இனிமேல் அப்படிச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன் என்கிறார். ஓர் இடம், ஒரு செயல், அடுத்த முறைக்கு ஒரு சொல், அத்தோடு விசாரணை முடிந்தது. இந்த வடிவத்தை வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரே குணம் என்று கட்டிப்போட்டால் கேள்விகள் இப்படி வரும்:

கோபம் இன்று எப்போது வந்தது? அப்போது என்ன செய்தேன்? அதே இடம் மறுபடி வந்தால் என்ன செய்வேன்?

‘மூன்றாம் பீரியட், ரெக்கார்டு நோட்டு கேட்டபோது. பார்க்காமலே எல்லோர் முன்னும் திட்டினேன். முதலில் மேசை அடுக்கைப் பார்ப்பேன்.’ மூன்றாவது பதிலைக் கவனியுங்கள். ‘பொறுமையாக இருப்பேன்’ என்று எழுதியிருந்தால் அது வாக்குறுதி. ‘அடுக்கைப் பார்ப்பேன்’ என்பது கைக்கு ஒரு வேலை. இன்ன நிலைமை வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே கட்டிவைப்பது வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

இந்த முறையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொல் ‘ஏன்’. ‘ஏன் இப்படிச் செய்தேன்?’ என்று கேட்டால் பதில் ஆறு சொல்லில் நிற்காது. ஸ்கூல் நாட்களுக்கும் அப்பா வளர்த்த விதத்துக்கும் போய்விடும். மனச்சோர்வுக்குச் சாய்வு உள்ளவர்களுக்கு அந்தப் பாதை நல்லதல்ல. ‘ஏன்’ என்று நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தாலே கேள்வியை ‘எப்போது’, ‘எங்கே’, ‘என்ன’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்’ என்று வள்ளுவர் சொல்வது இதற்கு நல்ல உத்தி: யாரோ ஒருவர் செய்ததுபோல் எழுதிப் பாருங்கள். ‘டீச்சர் நோட்டைப் பார்க்காமல் திட்டினார்’ என்று எழுதும்போது அழுகை வருவதில்லை, தவறு மட்டும் தெரிகிறது.

மறைந்த செலவு, கோபம் வராத நாள். ‘வரவில்லை’ என்று எழுதினால் மற்ற இரண்டு கேள்விக்கும் வேலையில்லை. அந்த நாளில் நோட்டை எடுக்காமலே விட்டால் பழக்கம் அறுந்துவிடும். அதனால் ‘வரவில்லை’ என்று ஒரு சொல் எழுதி மூடுவதும் முழு எழுத்துதான் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எப்போது இதுவே சரி: மாற்ற நினைப்பது ஒரே ஒரு குறிப்பிட்ட பழக்கம், அதற்கு ஒரு மாதம் ஒதுக்கத் தயார் என்றால். எல்லாக் குறையையும் திருத்தப்போகிறேன் என்று வருபவருக்கு இது ஒத்துவராது.

## முறை 4: முடிந்தது, நிற்பது, நாளை

அலுவலகத்தில் காலைக் கூட்டங்களில் கேட்கும் கேள்விகளின் இரவு வடிவம். இன்று முடித்தது என்ன? பாதியில் நிற்பது எது? நாளை முதலில் எது? இதற்குப் பின்னால் தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கத்தைப் பொறுத்தவரை ஆய்வு ஆதாரம் இதன் பக்கம்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. தூக்க ஆய்வுக்கூடத்தில் 57 பேர். படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பாதிப் பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மீதிப் பேர் முடித்துவிட்ட வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். இன்னும் சுவையானது அடுத்த முடிவு: செய்ய வேண்டியதை எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது, முடித்ததைக் குறிப்பாக எழுதியவர்களிடம் போக்கு இதற்கு நேர்மாறாக இருந்தது. இளம் வயது, ஆரோக்கியமானவர்களிடம், ஐந்து நிமிட எழுத்தில் கண்டது இது. நம் இரண்டு நிமிடத்துக்கு அதே ஒன்பது நிமிடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் திசை தெரிகிறது.

அப்படியானால் இந்த மூன்றில் முதல் கேள்விதான் இரவுக்கு வேண்டாதது. ‘இன்று முடித்தது என்ன?’ என்பது மேலதிகாரிக்குச் சொல்லும் பதில். அந்த இடத்தைக் காலி செய்யலாம்.

ஆசிரியையின் பதில்: ‘முடிந்தது: 22 பேப்பர். நிற்பது: 18 பேப்பர். நாளை: 9:10-க்கு ஸ்டாஃப் ரூமில் பத்து பேப்பர்.’ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது, சுத்தமாக இருக்கிறது. ஆனால் மாணவனும் இல்லை, அம்மாவும் இல்லை. இந்த முறையின் மறைந்த செலவு இதுதான்: சில வாரத்தில் நோட்டு முழுக்கப் பேப்பரும் பில்லும் பஸ் நேரமுமாக நிரம்பும், மனிதர் யாரும் இருக்கமாட்டார்கள். பட்டியல் நீளும் ஆபத்தும் உண்டு. ‘நிற்பது’ என்ற வரியில் ஏழு விஷயம் எழுதிவிட்டால் அது இரண்டு நிமிடமும் அல்ல, தூக்கமும் வராது.

இரண்டுக்கும் மருந்து கேள்வியின் வாசகத்தில் இருக்கிறது. ‘எந்த வேலை பாதியில் நிற்கிறது?’ என்று கேட்டால் பேப்பர் வரும். ‘எது முடியாமல் நிற்கிறது? ஒன்று மட்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘வேலை’ என்ற சொல்லை எடுத்ததும் பேப்பரைத் தள்ளிக்கொண்டு அந்த மாணவன் முன்னால் வருவான். அவனிடம் பேசாதது முடியாமல் நிற்கும் காரியம்தானே.

எப்போது இதுவே சரி: படுத்ததும் நாளைய காரியங்கள் தலையில் ஓடுபவர்களுக்கு. உழைக்கும் வயதில் இருப்பவர்களில் பலர் இந்த வகைதான்.

## ஒரே பார்வையில்

| | நன்றாக நடந்தது | பெற்றது, கொடுத்தது, சிரமம் | தன்னை விசாரிப்பது | முடிந்தது, நிற்பது, நாளை |
|---|---|---|---|---|
| இரண்டு நிமிடத்துக்கு நறுக்கும் வழி | மூன்று நல்லவைக்குப் பதில் ஒன்று | இரவுக்கு ஒரே ஆள் | மாதத்துக்கு ஒரே குணம் | ஒரே காரியம் |
| நறுக்கினால் போவது | எண்ணிக்கை. பெரிய நஷ்டமில்லை | வழிகாட்டியும் நேரமும் | மற்ற குணங்கள் | அநேகமாக ஒன்றுமில்லை |
| தூக்கம் | கெடுக்காது | கெடுக்கலாம் | ‘ஏன்’ நுழைந்தால் கெடும் | உதவும் |
| ஒரு மாதம் கழித்து | சலிக்கும் | புதிதாக இருக்கும் | குணத்தை மாற்றினால் ஓடும் | வரவுசெலவு நோட்டாகிவிடலாம் |
| மறுநாள் மாற்றம் | கொஞ்சம் | உறவில் தெரியும் | அந்த ஒரு பழக்கத்தில் | உடனே |
| யாருக்கு வேண்டாம் | துயரத்தில் இருப்பவருக்கு | குற்ற உணர்ச்சி மிகுந்தவர், கொடுமைக்கு உள்ளானவர் | எல்லாவற்றையும் திருத்த நினைப்பவர் | வேலையே தலைமேல் நிற்பவர், மனிதரைச் சேர்க்காவிட்டால் |

## என் தேர்வு

குறிப்பான காரணம் எதுவும் இல்லாமல் ‘தினமும் எழுத ஒன்று வேண்டும்’ என்று கேட்பவருக்கு நான்காவதை அடித்தளமாக வைத்து, ‘முடித்தது’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நைகானின் முதல் கேள்வியைக் கடைசியில் சேர்ப்பேன்:

1. எது முடியாமல் நிற்கிறது? ஒன்று மட்டும்.
2. அதற்கு நாளை முதல் அடி எது, எப்போது, எங்கே?
3. இன்று யார் எனக்கு உதவினார், எதில்?

ஆசிரியை எழுதுவது: ‘ரெக்கார்டு நோட்டுக்காகத் திட்டியவனிடம் பேசவில்லை. நாளை மூன்றாம் பீரியட், வகுப்பு முன்னாலேயே தவறு என்னுடையது என்பேன். பக்கத்து டீச்சர், முதல் பீரியடில்.’ இரண்டாவது பதில் ஆறேழு சொல்லைக் கொஞ்சம் தாண்டுகிறது, பரவாயில்லை. மூன்றாவது சின்னதாக இருப்பதால் கணக்கு சரியாகிவிடும். பேப்பரை எழுதவில்லையே என்றால், பேப்பர் தானாகவே ஞாபகம் வரும், மேசை மேல் இருக்கிறது.

வரிசையில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாரமான கேள்வி முதலில், அதற்கான அடி அடுத்தது, இன்னொருவர் செய்த நன்மை கடைசியில். பேனாவை மூடும்போது தலையில் கடைசியாக நிற்பது மூன்றாவது பதில்தான். முதல் இரண்டு கேள்விகளும் ஒரே காரியத்தைப் பற்றி இருப்பதும் முக்கியம். ஒரு நன்றி, ஒரு தவறு, ஒரு வேலை என்று ஆளுக்கொரு திசையில் இழுக்கும் கலவைகளில் ஒவ்வொரு கேள்விக்கும் அன்றைய நாள் முழுவதையும் முதலிலிருந்து புரட்ட வேண்டும். பத்து நொடி யோசனை இருபதாகிவிடும்.

## பழுதாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க

முதல் சில இரவுகள் போனில் டைமர் வைத்துவிட்டு எழுதுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வேகமாக எழுத முயலாதீர்கள். எந்தக் கேள்வியில் பேனா நின்றது என்று பாருங்கள். அந்தக் கேள்வி தீர்ப்பைக் கேட்கிறது என்று அர்த்தம். அதில் யார், எப்போது, எங்கே என்ற சொற்களில் ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் சரியாகும்.

ஒரே கேள்விக்கு ஒரு வாரத்தில் மூன்று தடவை அதே பதில் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். மூன்றாவது கேள்வியில் அப்படி வந்தால் அது சலிப்பு. ‘வீட்டுக்கு வெளியே யார்?’ என்று ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். முதல் கேள்வியில் அப்படி வந்தால் கேள்வியில் குறை இல்லை. இரண்டாவதில் நீங்கள் எழுதும் அடி பெரிதாக இருக்கிறது, அதனால்தான் நடக்கவில்லை. ‘அம்மாவுக்குப் போன் செய்யணும்’ என்று மூன்று நாள் நின்றால் ‘5:40, பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது’ என்று நேரமும் இடமும் சேருங்கள்.

எதில் எழுதுவது என்பதில் எனக்கு நோட்டுதான். போன் என்றால் எழுதி முடித்ததும் கை தானாக வேறெங்கோ போகும், இரண்டு நிமிடம் நாற்பது நிமிடமாகும். நோட்டிலும் புத்தாண்டுக்குக் கடைகளில் கொடுக்கும் நாளுக்கொரு பக்கம் டைரி வேண்டாம். மூன்று வரி எழுதிவிட்டு மிச்சப் பக்கம் வெள்ளையாக இருந்தால் ஏதோ குறை வைத்ததுபோல் தோன்றும், எழுதியே தீர்க்கப் பார்ப்பீர்கள். சின்ன நாற்பது பக்க நோட்டு, ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நாள் போதும். கேள்விகளை அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்துவிட்டால் தினமும் எழுத வேண்டியதில்லை, 1, 2, 3 என்று போட்டால் போதும்.

எழுதிய பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், முதல் கேள்விக்கு எழுதும்போதெல்லாம் அழுகை வந்தால் கேள்வியை மாற்றிப் பயனில்லை. டாக்டரைப் பாருங்கள், அல்லது இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் 14416 மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

விட்டுப்போன இரவை மறுநாள் சேர்த்து எழுத வேண்டாம். முந்தின நாளின் ‘முதல் அடி’ அதற்குள் காலாவதியாகியிருக்கும், இரண்டு நாள் எழுத உட்கார்ந்தால் நேரமும் நான்கு நிமிடமாகிவிடும். விட்டுப்போன தேதியை அப்படியே விட்டுவிட்டு அன்றைய மூன்று வரியை மட்டும் எழுதுங்கள்.